புகைபோக்கிச் சூட்டிலேயே ஓட்டிவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

இந்த வருடத்தில் இது நான்காவது. மணலியில் நிலக்கரி பாய்லர் வைத்து ஆலை நடத்தும் ஒருவர், ஒரு நிறுவனம் கொடுத்த திட்ட அறிக்கையோடு என்னைப் பார்க்க வந்தார். "சார், புகையிலிருந்து கரியமில வாயுவை 90 சதவீதம் பிடித்துத் தருகிறார்களாம். கரண்ட் செலவு மட்டும்தானாம். சூடு புகைபோக்கியில் வீணாகத்தானே போகிறது, அதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்" என்றார். அறிக்கையைப் புரட்டினேன். பம்புக்குக் கணக்கு இருக்கிறது, புளோயருக்குக் கணக்கு இருக்கிறது, நீராவி என்ற இடத்தில் மட்டும் "ஆலையிலேயே கிடைக்கும்" என்று ஒரே வரி. எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

நாலு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முறை ஒன்றும் புதிதல்ல, அமெரிக்காவில் 1930-லேயே காப்புரிமை வாங்கியது. தண்ணீரில் 30 சதவீதம் மோனோஎத்தனாலமைன் என்ற அமைன் கலந்த கரைசலை ஒரு உயரமான கோபுரத்தில் மேலிருந்து விட வேண்டும், 40 டிகிரிக்கு ஆறிய புகையைக் கீழிருந்து ஏற்ற வேண்டும். கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அதை இன்னொரு கோபுரத்துக்கு அனுப்பி 120 டிகிரியில் கொதிக்கவைத்தால் வாயுவை விட்டுவிடும். அப்புறம் கரைசலை ஆறவைத்து மறுபடி முதல் கோபுரத்துக்கே அனுப்பலாம். பிடிப்பதற்கு அவ்வளவாகச் செலவில்லை. விடவைப்பதற்குத்தான் செலவு.

அந்தச் செலவு எவ்வளவு? இந்தச் சாதாரண கரைசலில் ஒரு டன் கரியமில வாயுவுக்கு சுமார் 3.7 கிகாஜூல் சூடு. அமைனும் வாயுவும் சேர்ந்த பிணைப்பைப் பிரிக்கவே ஏறத்தாழ 1.9 போய்விடும். ஒரு டன் வாயுவைச் சுமந்து வர 18 டன் கரைசல் சுற்ற வேண்டும், வெப்பமாற்றியில் முடிந்தவரை சூட்டை மீட்ட பிறகும் அத்தனையையும் கடைசி பத்து டிகிரி ஏற்ற இன்னொரு 0.7 வேண்டும். மிச்சம் 1.1, வாயுவோடு சேர்ந்து மேலே போகும் தண்ணீர் ஆவிக்கு. புதிய கரைசல்களில் மொத்தம் 2.5 வரை இறக்கியிருக்கிறார்கள். ஆனால் பிணைப்பைப் பிரிக்கும் வேலை எந்தக் கரைசலிலும் இருக்கும், அதை யாராலும் பூஜ்யமாக்க முடியாது.

சரி, புகைச் சூட்டுக்கு வருவோம், எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். பாய்லரிலிருந்து புகை 140 டிகிரியில் வருகிறது என்று வையுங்கள். ஒரு டன் கரியமில வாயு வரும்போது, நைட்ரஜன், நீராவி எல்லாம் சேர்த்து ஐந்து டன் புகை வரும். 120 டிகிரியில் கொதிக்கிற கரைசலுக்கு அந்தப் புகை சூடு கொடுக்க வேண்டும் என்றால் புகையை 130 வரைக்கும்தான் இறக்க முடியும், அதற்கு மேல் இறக்கப் பார்த்தால் கட்டுப்படியாகாத அளவுக்குப் பெரிய வெப்பமாற்றி வேண்டும், 120-க்குக் கீழே போனால் சூடு அந்தப் பக்கம் பாயவே பாயாது. அந்தப் பத்து டிகிரியில் கிடைப்பது 0.05 கிகாஜூல். தேவை 3.7. எழுபதில் ஒரு பங்குகூட இல்லை! புகையை 40 வரைக்கும் இறக்கி எல்லாச் சூட்டையும் கூட்டினாலும் ஒரு கிகாஜூலைத் தாண்டாது, அதுவும் வெந்நீர் போடத்தான் ஆகும், இந்தக் கரைசலைக் கொதிக்கவைக்க ஆகாது. சூடு எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் போதாது, எத்தனை டிகிரியில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சொல்லப்போனால் அந்தப் புகையை ஆறவைக்கவே நீங்கள் தண்ணீர் செலவழிக்க வேண்டும்.

இப்போது அவருடைய பாய்லரைப் பார்ப்போம். மணிக்கு 50 டன் நீராவி, அதற்கு எரியும் நிலக்கரியிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயு. 90 சதவீதம் என்றால் 12.6 டன் பிடிக்க வேண்டும், அதற்கு 46 கிகாஜூலுக்குக் கொஞ்சம் மேலே. குறைந்த அழுத்த நீராவி ஒரு டன் குளிர்ந்தால் 2.15 கிகாஜூல் கொடுக்கும், அப்படியானால் மணிக்கு சுமார் 22 டன் நீராவி. ஐம்பதில் இருபத்திரண்டு! "ஆலையிலேயே கிடைக்கும்" என்ற வரியின் அர்த்தம் இதுதான். அவருடைய உற்பத்திக்கு 50 டன்னும் வேண்டும், அதனால் இந்த 22 டன்னுக்குத் தனியாக ஒரு பாய்லர் போட்டாக வேண்டும். அதுவும் நிலக்கரியில் ஓடினால் அதன் புகையில் மணிக்கு ஆறு டன் கரியமில வாயு போகும். முதல் பாய்லரில் தப்பிப்போகும் 1.4 டன்னையும் சேர்த்தால் 7.4. முன்பு 14 போனது, இப்போது 7.4 போகிறது. பிடித்தது 90 சதவீதம், உண்மையில் குறைந்தது 47 சதவீதம். இந்த இரண்டையும் ஒன்று என்று எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பெரிய அளவிலும் இதே கேள்விதான். ஹூஸ்டன் பக்கத்தில் 2017-ல் ஓடத் தொடங்கிய பெட்ரா நோவா என்ற கரியமில வாயு பிடிக்கும் ஆலையில், நிலக்கரி மின்நிலையத்தின் நீராவியைத் தொடாமல் இருக்கத் தனியாக ஒரு எரிவாயு டர்பைன் வைத்தார்கள். அந்த டர்பைனின் புகையைப் பிடிக்கவில்லை. மின்நிலையமே நீராவியைக் கொடுத்தால், டர்பைனில் ஏற்கனவே வேலை செய்துவிட்டு வருகிற நீராவியை எடுக்கலாம் என்பதால் இழப்பு குறைவு. அப்படியும் பிடித்த வாயுவை அமுக்கும் மின்சாரத்தையும் சேர்த்தால் உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கு போகும். தூத்துக்குடியில் சோடா உப்பு தயாரிக்கும் ஒரு ஆலை பாய்லர் புகையிலிருந்து பிடிக்கிறதே என்று கேட்பீர்கள். அவர்களுக்கு அந்த வாயுதான் மூலப்பொருள், நூறு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கி எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த வாயு எதற்கு என்று முதலில் சொல்லுங்கள்.

தண்ணீரை யாருமே கேட்பதில்லை. உள்ளே கொடுக்கிற சூடு முழுக்க ஏதோ ஒரு வழியில் கூலிங் டவருக்குத்தான் வந்து சேரும். இவருடைய ஆலைக்கு மணிக்கு சுமார் இருபதாயிரம் லிட்டர் ஆவியாகும், மணிக்கு இரண்டு பெரிய தண்ணீர் லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் நம் ஊர் கூலிங் டவர் தண்ணீர் 32, 33 டிகிரியில் நிற்கும். குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் முதல் கோபுரம் 40-இல் நிற்காது, கரைசல் குறைவாகப் பிடிக்கும், அதை ஈடுகட்ட அதிகம் சுற்றுவீர்கள், நீராவி இன்னும் ஏறும். எந்த மாதத் தண்ணீருக்குக் கணக்குப் போட்டது என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாயு சரியாகப் பிரியவில்லை என்று சூட்டை 125-க்கு மேல் ஏற்றாதீர்கள். அமைன் சிதையும், துருவும் கூடும். புகையில் கந்தக டைஆக்சைடு 10 பிபிஎம்முக்குக் கீழே வராமல் கரைசல் பக்கம் விடவே விடாதீர்கள், அது பிடித்த அமைன் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் திரும்பாத உப்பாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கத் தினமும் ஒரே ஒரு எண்ணைக் குறித்து வைத்தால் போதும், பிடித்த ஒரு டன் வாயுவுக்கு எத்தனை டன் நீராவி என்று. பிடிப்பது அதே அளவாக இருக்க நீராவி மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா, வெளிர் மஞ்சளாக இருந்த கரைசல் டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டதா, உடனே லேபுக்கு அனுப்பி எவ்வளவு அமைன் உயிரோடு இருக்கிறது, இரும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பாருங்கள்.

மணலிக்காரரிடம், அறிக்கையைத் திருப்பி அனுப்பி நீராவி வரியில் டன் கணக்கு எழுதித் தரச் சொல்லுங்கள் என்றேன். பத்து நாளில் புது அறிக்கை வந்தது. அதில் 25 டன் பாய்லர் ஒன்று கூடுதலாக இருந்தது. அவர் இப்போது திட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, ஆலையில் எங்கெல்லாம் நீராவி ஒழுகுகிறது என்று பார்த்து அடைத்துக்கொண்டிருக்கிறார்.