கொலஸ்ட்ராலுக்கு ஏன் இரண்டு மாத்திரை?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் மருந்துக்கடைக்கு வரும் ஒருவருக்கு 58 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அப்பா இளவயதிலேயே மாரடைப்பில் போனவர். எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 3.6 மில்லிமோல் என்று வந்ததும் டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், எசெட்டிமைப் 10 மில்லிகிராம் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிட்டார். "முதல் மாத்திரையையே கூட்டிக் கொடுத்தால் ஆகாதாம்மா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அட்டோர்வாஸ்டாட்டின் ஸ்டாட்டின் வகை மாத்திரை; அது கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கிறது. அப்போது கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. எசெட்டிமைப் சிறுகுடலில் நின்று, சாப்பாட்டிலும் பித்தநீரிலும் வரும் கொலஸ்ட்ரால் உடம்புக்குள் ஏறாமல் தடுக்கிறது. 40 மில்லிகிராம் அவருடைய 3.6ஐ ஏறக்குறைய 1.8 ஆக்கும். அதை 80 ஆக்கினால் 1.6 வரை போகலாம், அவ்வளவுதான். எசெட்டிமைப் சேர்ந்தால் அந்த 1.8இல் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், குறையும். டாக்டர் வைத்த இலக்கு 1.4.

இந்த இரண்டையும் ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ போடலாம். சிலருக்கு முதலில் வயிறு லேசாகக் கலங்கும். மற்றபடி பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. வேலை செய்கிறதா என்பது 4 முதல் 12 வாரத்துக்குள் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

அவர் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் தைப்பூசம் வந்தது. காவடி எடுத்தார். மறுநாள் தோளும் கெண்டைக்காலும் கடுத்தன. மாத்திரைதான் காரணம் என்று யாரையும் கேட்காமல் இரண்டையும் நிறுத்திவிட்டார். வலி மூன்றே நாளில் போய்விட்டது. ஐந்து வாரம் கழித்துப் பரிசோதனை செய்தபோது எல்.டி.எல். 3.5.

ஸ்டாட்டினால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், பாரம் எதுவும் தூக்காமலே வந்து, நாள்கணக்கில் விடாமல் இருக்கும். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பார். காவடி மாதிரி கடும் உழைப்புக்கு அப்புறம் சில நாள் சி.கே. தானாகவே ஏறி நிற்கும், அதனால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வலியோடு கைகால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, காத்திருக்காதீர்கள்: ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமல், சளிக்கு கிளாரித்ரோமைசின் எழுதினால், நீங்கள் அட்டோர்வாஸ்டாட்டின் போடுவதை உடனே சொல்லிவிடுங்கள். அது ரத்தத்தில் ஸ்டாட்டினின் அளவை ஏற்றிவிடும்.

அவருக்கு சி.கே. சரியாக இருந்தது. டாக்டர் இரண்டு மாத்திரையையும் மறுபடி தொடங்கினார், வலி வரவில்லை. எட்டாவது வாரம் 1.4. "இறங்கிவிட்டதே, இனி நிறுத்தலாமா?" என்று அவர் மனைவி கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "நிறுத்தினால் எங்கே போகும்னு தைப்பூசத்திலேயே பார்த்தாச்சு."