பி.எச். தாளும் இரண்டு சொட்டும்

“அரிப்புன்னா பூஞ்சைதானே டாக்டர்?” என்று கேட்டபடியேதான் அந்தப் பெண் உட்கார்ந்தார். வயது 34. மூன்று மாதத்தில் இரண்டு முறை மருந்துக் கடையில் தானாகவே பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் மாத்திரை வாங்கி யோனிக்குள் வைத்திருக்கிறார். ஒரு முறை ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையும் விழுங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நாலு நாள் தேவலாம் போல இருக்கும், அப்புறம் பழையபடி வெள்ளைப்படுதல், அரிப்பு. இப்போது சிறுநீர் போகும்போது எரிச்சலும் சேர்ந்திருந்தது.

வெள்ளைப்படுதல் எல்லாமே நோய் இல்லை. மாதவிலக்குகளுக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடுவதும், கர்ப்பத்தில் கொஞ்சம் அதிகமாவதும் இயல்புதான். நிறம், வாடை, அரிப்பு என்று ஏதாவது மாறினால்தான் தேட வேண்டும். அப்போது பெரும்பாலும் அகப்படுவது மூன்றில் ஒன்று: யோனியின் இயல்பான பாக்டீரியாச் சமநிலை குலையும் பாக்டீரியல் வஜைனோசிஸ், கேண்டிடா பூஞ்சை, உடலுறவில் தொற்றும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி.

பாடப்புத்தகத்தில் மூன்றுக்கும் அழகான அடையாளம் உண்டு. மெல்லிய சாம்பல் வெள்ளையும் மீன் வாடையும் என்றால் முதலாவது. தயிர்க்கட்டி போலத் திரிதிரியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சை. மஞ்சள் பச்சையாக நுரைத்தால் டிரைக்கோமோனாஸ். ஆனால் நிஜத்தில் வருகிறவர்கள் புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை. அரிப்பு மூன்றிலும் இருக்கலாம். அதனால் கண்ணால் பார்த்ததோடு நிறுத்தினால் தவறு நிச்சயம்.

நான் முதலில் எடுப்பது அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாள். எண் குறைந்தால் அமிலம் அதிகம். யோனியில் இயல்பாக வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அந்த இடத்தின் பி.எச். அளவை 4.5-க்குள் வைத்திருக்கும். பூஞ்சை வந்தாலும் அந்த அமிலத்தன்மை பெரும்பாலும் மாறாது. மற்ற இரண்டிலும் அளவு 4.5-ஐத் தாண்டிவிடும். எடுக்கும் இடம் முக்கியம்: பஞ்சுக்குச்சியைப் பக்கச் சுவரில்தான் தொட வேண்டும். கருப்பை வாயின் சளியும், ரத்தமும், விந்தும் தாளை ஏமாற்றிவிடும்.

அந்தப் பெண்ணின் தாள் பச்சை நோக்கிப் போய் 6 காட்டியது. பூஞ்சை மட்டும்தான் காரணம் என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் கண்டது.

அடுத்து இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒன்றில் யோனித் திரவத்தோடு ஒரு சொட்டு 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. விட்டவுடன் குப்பென்று மீன் வாடை எழுந்தால் வஜைனோசிஸுக்கு வலுவான துப்பு, ஆனால் டிரைக்கோமோனாஸிலும் அந்த வாடை வரலாம். அதே சொட்டு மற்ற செல்களைக் கரைத்துவிடுவதால், பூஞ்சை இருந்தால் அதன் இழைகளும் மொட்டுகளும் மைக்ராஸ்கோப்பில் தனியாகத் தெரியும். இவருக்கு வாடை லேசாக வந்தது, இழை ஒன்றும் இல்லை.

இன்னொரு தகட்டில் ஒரு சொட்டு சலைன். வஜைனோசிஸ் என்றால், ஓரமெல்லாம் பாக்டீரியா அப்பி மங்கலாகத் தெரியும் எபிதீலியல் செல்கள், அதாவது யோனிச் சுவரின் மேற்படலச் செல்கள், இருக்கும். ‘க்ளூ செல்’ என்போம். ஐந்தில் ஒரு செல்லாவது அப்படி இருக்க வேண்டும். சீழ்ச் செல்கள் அவ்வளவாக இராது. இவருடைய தகட்டிலோ சீழ்ச் செல்கள் குவிந்திருந்தன. நடுவே பேரிக்காய் வடிவத்தில் ஒன்று வாலைச் சொடுக்கித் துள்ளித் துள்ளி ஓடியது. டிரைக்கோமோனாஸ்!

இந்தத் துள்ளலைப் பார்க்க அவசரம் வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் தகட்டை வைத்துவிட்டால் ஒட்டுண்ணி அசைவை இழந்து, சீழ்ச் செல் போலவே உருண்டு கிடக்கலாம். உடனே பார்த்தாலும் சிலருக்கு அகப்படாது. எனவே தகட்டில் இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. சந்தேகம் இருந்தால் அதன் மரபணுவைத் தேடும் நாட் பரிசோதனைக்கு அனுப்புவேன். அதே மாதிரியில் கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளையும் பார்த்துவிடலாம். கருப்பை வாயில் வரும் அவையும் வெள்ளைப்படுதலாகவே வெளிப்படலாம்.

மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஏழு நாள் என்று எழுதினேன். கணவருக்கும் மாத்திரை என்றதும் முகம் மாறியது. “அவருக்கு ஒண்ணுமே இல்லையே” என்றார். பெரும்பாலான ஆண்களுக்கு அறிகுறியே இராது. சரி, எப்போது தொற்றியது? மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட இது சத்தமில்லாமல் இருக்கும், அதனால் இன்றைய தகட்டை வைத்து யார் மீதும் பழி சொல்ல முடியாது என்று நிதானமாகச் சொன்னேன். இருவரும் மருந்தை முடித்து, தொந்தரவு தீரும்வரை உறவு வேண்டாம் என்றும் சொன்னேன். கணவர் சாப்பிடாவிட்டால் திரும்பத் தொற்றும். வஜைனோசிஸோ பூஞ்சையோ என்றால் வழக்கமாக இப்படிக் கணவரையும் அழைக்க வேண்டியிருக்காது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொன்னேன். வருவதற்கு முந்தைய இரண்டு நாளும் உள்ளே மருந்து வைக்கவோ, சோப்புப் போட்டு உள்ளே கழுவவோ கூடாது என்று சீட்டில் கோடிட்டு எழுதினேன். முதல் தடவை அவர் அப்படிக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார். அன்று ஒட்டுண்ணி கண்ணில் பட்டது எங்கள் அதிர்ஷ்டம்.