பொட்டாசியம் எந்த மின்னழுத்தத்தில் நிற்கும்?

நம் உடலின் தசைச் செல் ஒன்றுக்குள் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. வெளியே இருப்பதோ 4 மில்லிமோல்தான். செல் சவ்வில் பொட்டாசியம் மட்டும் போகக்கூடிய துளைகள் திறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். செறிவு மிகுந்த உள்பக்கத்திலிருந்து அயனிகள் வெளியே கசியும். ஒவ்வொரு அயனியும் ஒரு நேர்மின்சுமையைத் தூக்கிக்கொண்டு போவதால் உள்பக்கம் எதிர்மின்னாகிறது. அந்த எதிர்மின்னே அடுத்து வெளியேறப் பார்க்கும் அயனிகளைப் பின்னுக்கு இழுக்கும். வெளியே தள்ளும் செறிவு வேறுபாடும் உள்ளே இழுக்கும் மின்விசையும் சரிக்குச் சரியாகும்போது நிகர ஓட்டம் நின்றுவிடுகிறது. அப்போதுள்ள மின்னழுத்தம்தான் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம். அதைக் கணக்கிட உதவுவது நெர்ன்ஸ்ட் சமன்பாடு:

```
E = (RT / zF) × ln([K]வெளி / [K]உள்)
```

R என்பது வாயு மாறிலி, 8.314. F என்பது ஃபாரடே மாறிலி, 96,485. பொட்டாசியத்துக்கு z = +1. T கெல்வினில் இருக்க வேண்டும்; உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸ் என்பது 310 கெல்வின். இவற்றைப் போட்டு, இயல் மடக்கையைப் பத்தடி மடக்கையாக மாற்ற 2.303-ஆல் பெருக்கினால், முன்னால் நிற்கும் எண் 61.5 மில்லிவோல்ட் ஆகிறது. 4/140 என்பது 0.0286. அதன் பத்தடி மடக்கை −1.544. இரண்டையும் பெருக்கினால் விடை −95 மில்லிவோல்ட்.

மாணவர்கள் அதிகம் தவறுவது பின்னத்தில்தான். உள்செறிவை மேலே போட்டால் +95 வரும். அயனி வெளியேறினால் உள்பக்கம் எந்தக் குறியில் இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தாலே பிழை தெரிந்துவிடும். வெப்பநிலையை 37 என்றே போட்டவருக்கு விடை −11 அளவில் நின்றுவிடும்.

இவ்வளவு மின்னழுத்தம் உண்டாக ஏராளமான அயனிகள் வெளியேற வேண்டியிருக்கும், அதனால் உள்செறிவே குறைந்துவிடும் என்று தோன்றலாம். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உருண்டைச் செல்லை எடுத்துக்கொண்டு, சவ்வின் மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஃபாரட் என்று கொண்டு கணக்குப் போட்டால், வெளியேற வேண்டியவை சுமார் 75 லட்சம் அயனிகள். உள்ளே இருப்பவற்றில் இது ஏறத்தாழ 47,000-இல் ஒன்றுதான். ஆகவே 140 என்ற எண்ணை மாற்றாமலே கணக்கிடலாம்.

வெளிச்செறிவின் கதை வேறு. இரத்தத்தில் பொட்டாசியம் 4-இலிருந்து 8 மில்லிமோலாக உயர்ந்தால் விடை −76 அல்லது −77-க்கு வந்துவிடும். வெறும் 4 மில்லிமோல் கூடுதலுக்கு ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் நகர்வு! சிறுநீரகம் செயலிழந்தவரின் இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு இந்த நகர்வு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் செல்லில் மின்முனையைச் செருகி அளந்தால் −95 கிடைப்பது அரிது. நரம்புச் செல்லில் பெரும்பாலும் −70-ஐ ஒட்டியே வரும். சவ்வு கொஞ்சம் சோடியத்தையும் உள்ளே விடுகிறது, அது மின்னழுத்தத்தை நேர்ப்பக்கமாக இழுக்கிறது. வெளிப் பொட்டாசியத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே அளந்தால் இது தெளிவாகத் தெரியும். உயர்ந்த செறிவுகளில் அளவீடு நெர்ன்ஸ்ட் கோட்டை ஒட்டியே போகும். குறைந்த செறிவுகளில் கோட்டை விட்டு விலகி மேலே நிற்கும். அந்த விலகலின் அளவிலிருந்து சோடியக் கசிவு எவ்வளவு என்று மதிப்பிடலாம்.