நாணின் ஒரு முனை நகர மறுக்கும்போது

x³ − 2x − 5 = 0 என்ற சமன்பாட்டை நியூட்டன் தம் முறையை விளக்க எடுத்துக்கொண்டார். இன்றும் எண்ணியல் முறைகள் பாடத்தில் அது விடாமல் வருகிறது. x = 2 எனில் f = −1; x = 3 எனில் f = 16. குறி மாறுவதால் மூலம் இடையில் இருக்கிறது.

ரெகுலா ஃபால்சி முறையில் இந்த இரு புள்ளிகளையும் ஒரு நாணால் இணைத்து, அது x அச்சை வெட்டும் இடத்தைப் புதிய மதிப்பாகக் கொள்கிறோம். முதல் சுற்று: 2 + 1 × 1/17 = 2.05882. அங்கும் f குறை எண்ணே என்பதால், 2-ஐ நீக்கிவிட்டு இதை இடது முனையாக வைத்துத் தொடர வேண்டும்.

| சுற்று | இடது முனை | வலது முனை | புதிய x | f(x) |
|---|---|---|---|---|
| 1 | 2 | 3 | 2.05882 | −0.3908 |
| 2 | 2.05882 | 3 | 2.08126 | −0.1472 |
| 3 | 2.08126 | 3 | 2.08964 | −0.0547 |
| 4 | 2.08964 | 3 | 2.09274 | −0.0202 |

மூன்றாவது நிரலைப் பாருங்கள்: 3 அசையவே இல்லை. இங்கே வளைவரை மேல்நோக்கி வளைவதால் நாண் எப்போதும் அதற்கு மேலே நிற்கிறது; வெட்டும் புள்ளி மூலத்துக்கு இடப்பக்கமே விழுகிறது. உண்மை மூலம் 2.09455. ஒவ்வொரு சுற்றிலும் பிழை முந்தையதில் ஏறத்தாழ 0.37 பங்காகக் குறைகிறது, அவ்வளவுதான். தேர்வில் ஒரே முனை திரும்பத் திரும்ப வந்தால் கணக்கு தவறு என்று பதறுபவர்கள் உண்டு; தவறு அங்கே இல்லை.

உண்மையில் இந்த நாண் நேர்கோட்டு இடைச்செருகல்தான், ஆனால் தலைகீழாக. x-க்கு y தேடாமல், y = 0 ஆகும் x-ஐத் தேடுகிறோம். அப்படியானால் நேர்கோட்டோடு ஏன் நிற்க வேண்டும்? மூலத்தை ஒட்டிய மூன்று புள்ளிகளை எடுத்து, லெக்ராஞ்சி சூத்திரத்தில் x, y இரண்டையும் இடம் மாற்றிப் போடலாம்.

| x | y = f(x) | y = 0-இல் எடை |
|---|---|---|
| 2 | −1 | −0.054117 |
| 2.05 | −0.484875 | 0.216932 |
| 2.1 | 0.061 | 0.837185 |

முதல் எடையின் தொகுதி, மற்ற இரு y-களின் பெருக்கல்: (−0.484875)(0.061). பகுதி, முதல் y-இலிருந்து அவற்றைத் தனித்தனியே கழித்துப் பெருக்கியது: (−0.515125)(−1.061). எடைகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். இல்லையேல் எங்கோ குறி தவறிவிட்டது. எடைகளை அந்தந்த x-ஆல் பெருக்கிக் கூட்டினால் 2.09457 கிடைக்கிறது. வகைக்கெழுவே இல்லாமல், ஒரே மூச்சில், நான்கு சுற்றுகளை மிஞ்சிவிட்டோம்.

புள்ளிகளை நெருக்கமாக எடுத்ததற்கும் இதில் பங்கு உண்டு. அதோடு, y-கள் ஒன்றுபோல் ஏறவோ இறங்கவோ வேண்டும். இதே சார்பில் x = 0, x = √2 இரண்டிலும் y = −5. இவ்விரண்டையும் அட்டவணையில் சேர்த்தால் பகுதியில் பூச்சியம் வந்து நிற்கும்.