நிறுத்திய பிறகும் அடங்காத சூடு: கூடங்குளம் பற்றி என்ன கேட்கலாம்?

பாறசாலை வாசகசாலையில் அணுமின்சாரம் பற்றி ஒரு பேச்சு நடக்கப்போகிறது. "என்ன கேக்கணும் சாரே?" என்று வாசகசாலைப் பையன்கள் வந்து நின்றார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கும் இதில் அக்கறை உண்டு. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள் தரும் 2,000 மெகாவாட் மின்சாரத்தில் 266 மெகாவாட் கேரளத்துக்கு வருகிறது.

"பாதுகாப்பானதா?" என்று மட்டும் கேட்டால், "ஆமாம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். உலையை நிறுத்திய பிறகு அதன் சூடு எங்கே போகிறது என்று கேளுங்கள்.

கூடங்குளத்தின் ஒவ்வோர் உலையும் 3,000 மெகாவாட் வெப்பம் தருகிறது. எரிபொருளில் சேர்ந்த கதிரியக்கப் பொருள்கள் தொடர்ந்து சிதைவதால், அணுப்பிளவை நிறுத்திய நொடியிலும் சுமார் 200 மெகாவாட் மிஞ்சும். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவுக்கு இருக்கும். அந்தச் சூட்டை வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டே போக்குவதானால், மணிக்கு ஏறக்குறைய இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர் ஆவியாகும். 2011-இல் புகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல் காற்றால் உலையைக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது உலைக்கானது. எரிந்த எரிபொருளை ஆறவைத்திருக்கும் குளத்துக்கு வரும் மின்சாரம் நின்றுபோனால் என்ன வழி, எத்தனை நாள் தாங்கும்? இதைக் கட்டாயம் கேளுங்கள்.

ஓர் உலையில் 163 எரிபொருள் கட்டுகள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தக் குளத்துக்குப் போகிறது. 1988 ஒப்பந்தப்படி அவை சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்ப வேண்டியவை. பின்னர் அவற்றை இந்தியாவே வைத்துக்கொள்வது என்று மாறியது. உலைக்கு வெளியே தனிச் சேமிப்பிடம் கட்ட 2018-இல் உச்ச நீதிமன்றம் 2022 வரை தவணை தந்தது. அந்தத் தவணை கடந்துவிட்டது. கட்டுமானம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? அங்கிருந்து கட்டுகள் எப்போது, எங்கே போகும்?

காசு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஆயுள் முடிந்த உலையைப் பிரித்து அகற்ற யூனிட்டுக்கு 2 பைசா ஒதுக்குகிறார்கள். 80 சதவீதத் திறனில் ஓடும் உலை ஆண்டுக்கு சுமார் 700 கோடி யூனிட் தரும். அதாவது ஆண்டுக்கு 14 கோடி ரூபாய், 40 ஆண்டில் வட்டி சேர்க்காமல் 560 கோடி. பிரிக்கும் செலவுக்கு இது போதும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

மாற்று என்றால் நியாயமாக ஒப்பிட வேண்டும். நிலக்கரிப் புகை, யூனிட் கணக்கில், அணுவிபத்துகளைவிடப் பல மடங்கு உயிர்களைக் குடித்திருக்கிறது. பகல் சூரிய மின்சாரம் ஏலத்தில் இரண்டரை ரூபாய் அளவுக்கு இறங்கியிருக்கிறது, ஆனால் நமக்கு அதிகம் தேவைப்படுவது மாலை ஏழு மணிக்கு மேல். எனவே பேச்சாளரிடம் விலையை இப்படிக் கேளுங்கள்: இரவு எட்டு மணிக்கு, பேட்டரிச் செலவும் சேர்த்துச் சூரிய மின்சாரம் என்ன விலை? அதே நேரத்தில், கழிவைக் காக்கும் செலவும் உலையைப் பிரிக்கும் செலவும் சேர்த்துப் புதிய அணு உலையின் மின்சாரம் என்ன விலை?