முப்பது கிலோ ஆட்டுக்கு இருபது கிலோ மருந்து

குடற்புழு நீக்க மருந்து கேட்டு வருபவரிடம் ஆட்டின் எடையைக் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "இருபது கிலோ இருக்கும் ஐயா" என்பதுதான். மந்தையில் பதினைந்து கிலோ குட்டியும் இருக்கும், முப்பத்தைந்து கிலோ கிடாவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இருபது கிலோக் கணக்கில்தான் மருந்து போகிறது. கண்ணை நம்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னி, கொடி போன்ற நெட்டையான ஆடுகள் கால் உயரத்தால் கனமாகத் தோன்றும். குட்டையான பள்ளை ஆடு உடல் திரண்டிருந்தாலும் லேசாகத் தோன்றும். எடையைச் சொல்வது காலின் உயரம் அல்ல, மார்புக் கூட்டின் பருமன். அதை அளக்கத் தையல்காரரின் டேப் ஒன்று போதும்.

ஆட்டைச் சமதரையில், நான்கு கால்களிலும் எடை சமமாக விழும்படி நிறுத்துங்கள். தலை இயல்பான உயரத்தில் இருக்க வேண்டும். இலையைக் காட்டித் தலையைத் தூக்கவைத்தாலோ, குனிந்து மேயும்போதோ அளந்தால் சுற்றளவு மாறிவிடும். முன்னங்கால்களுக்கு நேர் பின்னால், தோள்பட்டையை ஒட்டி, டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். ரோமம் படியும் அளவுக்கு இழுத்தால் போதும், தோல் அமுங்கக் கூடாது. டேப் சற்றே பின்னால் நழுவினாலும் வயிற்றை அளந்துவிடுவோம். பலருக்குக் கணக்கு எகிறுவது இங்கேதான். அடுத்தது உடல் நீளம். முன்பக்கம் தோள் மூட்டின் முனையிலிருந்து, பின்பக்கம் வாலுக்கு இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பு முனை வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். முதுகின் வளைவைப் பின்பற்றியோ, கழுத்தைச் சேர்த்தோ அளக்கக் கூடாது.

இரண்டு அளவும் அங்குலத்தில் இருந்தால் கணக்கு இதுதான்: மார்புச் சுற்றளவு × மார்புச் சுற்றளவு × உடல் நீளம் ÷ 660. வருவது கிலோ.

சுற்றளவு 28 அங்குலமும் நீளம் 25 அங்குலமும் உள்ள ஒரு கிடாவை எடுத்துக்கொள்வோம். 28ஐ 28ஆல் பெருக்கினால் 784. அதை 25ஆல் பெருக்கினால் 19,600. அதை 660ஆல் வகுத்தால் 29.7, அதாவது ஏறக்குறைய 30 கிலோ. இதே கிடாவின் சுற்றளவைத் தவறுதலாக 29 என்று படித்தால் எடை 32 கிலோவுக்கு ஏறிவிடும். நீளத்தில் ஓர் அங்குலம் தவறினால் ஒரு கிலோ சொச்சம்தான் மாறும். சுற்றளவு கணக்கில் இருமுறை பெருக்கப்படுவதால் அதில் நேரும் பிழை அதிகம் உறைக்கிறது. அதனால் சுற்றளவை மட்டும் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கவனமாக அளந்தாலும் உண்மை எடையிலிருந்து பத்து விழுக்காடு வரை விலகல் இருக்கலாம்.

இப்போது மருந்துக்கு வருவோம். அல்பெண்டசோல் மருந்தை அந்தக் கிடாவுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். 30 கிலோவுக்கு 300 மில்லிகிராம் தேவை. புட்டியில் 2.5 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஆக 12 மில்லி கொடுக்க வேண்டும். இருபது கிலோ என்று மனத்தில் நினைத்தவர் 8 மில்லிதான் கொடுத்திருப்பார். புட்டிக்குப் புட்டி அடர்த்தி மாறும் என்பதால், போன முறை ஊற்றிய மில்லிக் கணக்கை இந்த முறை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த 4 மில்லிக் குறைவு என்ன செய்யும்? ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழுக்களில் பலவீனமானவை செத்துப்போகும். மருந்தைத் தாக்குப்பிடித்தவை எஞ்சி நின்று முட்டையிடும். புழுக்கையோடு மேய்ச்சல் நிலத்தில் விழுவது அவற்றின் வாரிசுகள். இப்படிச் சில தடவை நடந்தால் அந்த நிலத்துப் புழுக்களுக்கு அந்த மருந்து செல்லாது. மருந்து கொடுத்துப் பத்துப் பதினைந்து நாள் கழித்தும் கண் இமையின் உட்புறம் வெளிறியே இருக்கிறது, தாடைக்கு அடியில் நீர் கோத்த வீக்கம் வடியவில்லை என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். உடனே கம்பெனியை மாற்றி அதே மருந்தை வாங்குவது வீண். சாணப் பரிசோதனைக்குப் புழுக்கையைக் கொண்டுவாருங்கள்.

மந்தை முழுவதற்கும் ஒரே அளவு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எடைவாரியாக இரண்டு மூன்று பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் கனமான ஆட்டின் எடைக்குக் கணக்கிடுங்கள். சராசரிக்குக் கணக்கிட்டால் பாதி ஆடுகளுக்கு மருந்து பற்றாது. அல்பெண்டசோல், பென்பெண்டசோல் போன்றவற்றில் ஓரிரு கிலோ கூட்டிப் போடுவதால் பாதகமில்லை. லெவாமிசோல் அப்படியல்ல; அதன் பாதுகாப்பு எல்லை குறுகியது, அளவு மிஞ்சினால் ஆடு எச்சில் வடித்து நடுங்கும். அந்த மருந்துக்கு ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியாக அளந்துவிடுவதே சரி. சினைப்பட்ட முதல் மாதத்தில் இருக்கும் ஆட்டுக்கு அல்பெண்டசோல் வேண்டாம்.

விற்பனைக்கும் இதே டேப் உதவும். சந்தையில் வியாபாரி முதுகைப் பிடித்துப் பார்த்து, "பன்னிரண்டு கிலோ கறிதான் விழும்" என்பார். ஆட்டின் உயிர் எடையில் கறியாகத் தேறுவது ஏறக்குறைய 45 முதல் 50 விழுக்காடு. நம் 30 கிலோ கிடாவில் குறைந்தது பதின்மூன்றரைக் கிலோ எதிர்பார்க்கலாம். இதை வீட்டிலேயே கணக்கிட்டு வைத்திருப்பவர் துண்டுக்குள் விரல் பிடிக்கும்போது தடுமாற மாட்டார்.

எப்போது விற்பது என்பதற்கு, மாதம் ஒருமுறை ஒரே ஆள், காலையில் தீனிக்கு முன் அளந்து குறித்துவர வேண்டும். ஒரு கிடா 26 அங்குலச் சுற்றளவு, 24 அங்குல நீளத்தில் 24.6 கிலோ. மறுமாதம் 27, 24.5 என்றால் 27 கிலோ. நாளுக்கு 80 கிராம் ஏறியிருக்கிறது. அதற்கடுத்த மாதம் சுற்றளவு அரை அங்குலம் மட்டும் கூடினால் 28 கிலோதான் வரும். ஏற்றம் பாதிக்கும் கீழே போய்விட்டது, அடர்தீவனச் செலவோ குறையவில்லை. ஆனால் அந்த அரை அங்குலம் அளப்பவர் கையின் வித்தியாசமாகவும் இருக்கலாம். ஆகவே ஒரே ஒரு மாதத்து எண்ணை வைத்து ஆட்டை ஓட்டிச் செல்லாதீர்கள். இரண்டு மாதம் தொடர்ந்து மந்தமாக இருந்து, புழுவும் இல்லை என்று உறுதியானால் விற்றுவிடலாம்.

கறவை மாட்டின் விலையைப் பாலும் ஈற்றும்தான் முடிவு செய்யும். எடை அங்கே மருந்துக்கும் தீவனத்துக்கும்தான் வேண்டும். தையல் டேப் 60 அங்குலத்தோடு முடிந்துவிடும் என்பதால் மாட்டுக்கு எட்டாது. நைலான் கயிற்றைச் சுற்றி, முனை சேரும் இடத்தில் விரலால் பிடித்து, பிறகு அதைத் தரையில் நீட்டி அளந்துகொள்ளலாம். 66 அங்குலச் சுற்றளவும் 58 அங்குல நீளமும் உள்ள கலப்பின ஜெர்சிப் பசு, இதே கணக்கில் 383 கிலோ வரும்.

நிறைசினையில் டேப் கணக்கு தடுமாறும், வயிற்று உப்புசத்திலும் அப்படியே. பால்குடிக் குட்டிகளுக்கும் இது சரிவராது. அவற்றைச் சாக்கில் இட்டுத் தொங்கு தராசில் மாட்டிவிடலாம். தராசு கையில் கிடைக்கும் அன்றே பெரிய ஆடுகளில் இரண்டு மூன்றையும் நிறுத்து, டேப் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். உங்கள் மந்தையில் டேப் வழக்கமாக இரண்டு கிலோ கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்தால், அடுத்த முறை அதைக் கழித்துக்கொள்ளலாம்.