நரம்பு மாத்திரையும் ஒரு குவார்ட்டரும்

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் நின்றே வேலை செய்பவர்களுக்கு இடுப்பிலிருந்து கால்வரை சுரீரென்று இறங்கும் வலி புதிதல்ல. அதற்கு டாக்டர்கள் எழுதித் தருபவற்றில் ஒன்று பிரிகாபலின். பல அட்டைகளில் இது மீத்தைல்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு சேர்ந்தே வருகிறது. அதனால் ‘சத்து மாத்திரைதானே’ என்று நினைத்து, மாத்திரை போட்ட அன்றைக்கும் மது குடிக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்த நினைப்புதான்.

பிரிகாபலின் நரம்பு முனைகளில் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. கால்சியம் குறைந்தால், அடுத்த நரம்பைத் தூண்டும் குளூட்டமேட் போன்ற வேதிப்பொருள்கள் குறைவாக வெளியேறும். வலிச் செய்தி மங்கும். மதுவோ, வெளியேறிய குளூட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. நரம்புகளை அடக்கும் காபா என்ற பொருளின் வேலையையும் கூட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு வழியில் மூளையை மந்தமாக்குகின்றன. நடையையும் சமநிலையையும் சீராக்கும் சிறுமூளையும் இதற்குத் தப்பாது.

மாத்திரை ரத்தத்தில் மதுவின் அளவைக் கூட்டுவதில்லை. ஆகவே ஊதிப் பார்க்கும் கருவி வழக்கமான எண்ணையே காட்டும். தள்ளாட்டம் மட்டும் கூடியிருக்கும். ‘எனக்கு இது தாங்கும்’ என்ற பழைய கணக்கு இங்கே பொய்த்துவிடும்.

ஒருவர் இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு, 75 மில்லிகிராம் பிரிகாபலினும் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் டிசானிடின் 2 மில்லிகிராமும் போட்டு, கூடவே 180 மில்லி பிராந்தியும் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கழியும் என்பதால் விடிகாலை வரை அது உடலில் இருக்கும். உணவோடு போட்ட பிரிகாபலின் நள்ளிரவை ஒட்டி உச்சத்தைத் தொடும். அது பாதியாகக் குறைய அதன்பின் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிசானிடின் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். இந்த நிலையில் நடு இரவில் சிறுநீர் கழிக்கச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், கால் பின்னும். விழுந்து தலையில் அடிபடலாம். பிரிகாபலின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இந்த மந்தம் மறுநாள் ஷிஃப்டிலும் தொடரும்.

வாய் குழறுவதும், செருப்பில் கால் நுழையாமல் தடுமாறுவதும் முதல் அடையாளங்கள். தட்டி எழுப்பியும் விழிக்காமல், மூச்சு மெதுவாகவோ கரகரத்தோ வந்தால் தூங்கட்டும் என்று விடக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

குடிக்கும் நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. காலையில் போட்டதன் மிச்சம் மாலையிலும் உடலில் இருப்பதால் அது பாதுகாப்பு ஆகாது. தொடர்ந்து சாப்பிடும் பிரிகாபலினையோ, இன்னொரு தசைத் தளர்த்தியான பேக்லோஃபெனையோ திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குடிப்பழக்கம் இருப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால், அவர் மருந்தையோ அளவையோ அதற்கேற்ப மாற்றித் தருவார்.